புகார்: ‘கட்டுக்கதையா, உண்மையா?’ பதிவில் தவறான விடை

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: மெத்தை வினாடி வினாப் பதிவைத் திருத்துதல், மெத்தையை மாற்றித் தருதல்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

மெத்தை வாங்குவோர் கவனிக்க வேண்டியவற்றைச் சொல்லித்தருவதாகத் தங்கள் கடை இன்ஸ்டாகிராமில் வெளியிட்ட வினாடி வினாவின் மூன்றாவது படத்தில், “டென்சிட்டி கூடினால் மெத்தை கெட்டியாக இருக்கும்” என்ற கூற்றுக்கு ‘உண்மை’ என்று விடை தரப்பட்டுள்ளது. படங்களுக்குக் கீழுள்ள குறிப்பும், கெட்டியான மெத்தை வேண்டுவோர் 40 டென்சிட்டி கேட்டு வாங்குமாறு அறிவுறுத்துகிறது. அதை நம்பியே, படுத்தால் இடுப்பு அமிழக் கூடாது என்று கேட்ட என் தந்தைக்காக 72 அங்குல நீளமும் 36 அங்குல அகலமும் 5 அங்குல உயரமும் உள்ள மெத்தையைத் தங்களிடம் வாங்கினேன். அவர் படுத்தால் இடுப்பு நன்றாகவே அமிழ்கிறது.

டென்சிட்டி என்பது ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ எடை என்பது மட்டுமே. ஃபோம் எவ்வளவு காலம் தொய்யாமல் உழைக்கும் என்பதை ஊகிக்க அது உதவும். கெட்டித்தன்மையோ, ஃபோமைக் குறிப்பிட்ட அளவு அமுக்க எவ்வளவு விசை தேவைப்படுகிறது என்பதைக் கொண்டு தனியாக அளக்கப்படுவது. 40 டென்சிட்டியில் மெத்தென்ற ஃபோமும் 28 டென்சிட்டியில் கெட்டியான ஃபோமும் செய்ய முடியும் என்பது இத்தொழிலில் இருக்கும் தங்களுக்குத் தெரியாதிருக்க வழியில்லை.

இதோடு முடியவில்லை. உறையின் ஜிப்பைத் திறந்து பார்த்தபோது மேலே ஓர் அங்குலம் ஒரு நிறத்திலும், அடியில் நான்கு அங்குலம் வேறு நிறத்திலும் ஃபோம் இருந்தது. இந்த அளவுள்ள மெத்தையின் கன அளவு ஏறத்தாழ 0.212 கன மீட்டர். முழுவதும் 40 டென்சிட்டி என்றால் உறை நீங்கலாக எட்டரை கிலோ இருக்க வேண்டும். எடைபோட்டால் ஆறரை கிலோதான் இருக்கிறது, அதாவது சராசரி 31 டென்சிட்டிக்கும் சற்றுக் குறைவு. மேல் அடுக்கு மட்டும் 40 ஆகவும் அடியிலுள்ளது 28 ஆகவும் இருந்தால் இந்தக் கணக்குச் சரியாக வருகிறது. ரசீதிலோ ‘40 டென்சிட்டி ஃபோம்’ என்று மட்டுமே எழுதியிருக்கிறீர்கள்.

ஒருக்களித்துப் பத்து நிமிடமாவது படுத்துப் பார்க்கச் சொல்லும் ஐந்தாவது படம் நல்ல அறிவுரை என்பதை மறுக்கவில்லை (தங்கள் கடையில் மெத்தைகளை பிளாஸ்டிக் உறையோடு நிறுத்தி வைத்திருக்கும்போது அதை எங்கே செய்வது என்பது வேறு கேள்வி). ஆனால் ஒவ்வோர் அடுக்கின் தடிமனையும் டென்சிட்டியையும் தனித்தனியே எழுதி வாங்க வேண்டும் என்பதே வாங்குபவர் முதலில் அறிய வேண்டியது. அது எந்தப் படத்திலும் இல்லை.

ஆகவே, மூன்றாவது படத்தின் விடையையும் அதன் குறிப்பையும் திருத்தி, திருத்தம் செய்ததை அதே பதிவில் தெரிவிக்குமாறும், ரசீதில் உள்ளபடி முழுவதும் 40 டென்சிட்டி கொண்ட கெட்டியான மெத்தையை மாற்றித் தருமாறும், இயலாவிட்டால் முழுத் தொகையைத் திருப்பித் தருமாறும் கேட்டுக்கொள்கிறேன். எடைபோட்டபோதும் ஜிப்பைத் திறந்தபோதும் எடுத்த படங்களையும், ரசீதின் நகலையும் இணைத்துள்ளேன். 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் பதிவு செய்து, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்ற அடிப்படையில் முறையிடுவேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்