கேட்டது கணக்கு, கிடைத்தது உபதேசம்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் மாதிரி வினாத்தாள் பகுதியில், ஓர் ஆசிரியை தம் சக ஆசிரியருக்கு எழுதிய குறிப்பை வெளியிட்டிருந்தீர்கள். 17ஆம் வினாவுக்கு இரண்டு விடைகள் சரியாக வருகின்றனவா என்று பணிவாக ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார். அதன் கீழே, "மிகப் பொருத்தமான விடையைத் தேர்வதே மாணவர் கடமை, நுணுக்கம் பேசிக் குழப்ப வேண்டாம்" என்று உங்கள் அடிக்குறிப்பு. கடமையை நினைவூட்டியதற்கு நன்றி. கேள்விக்குப் பதிலைத்தான் காணோம்.

வினா இது: 'மூலைவிட்டங்கள் ஒன்றையொன்று செங்குத்தாக இருசமக்கூறிடும் நாற்கரம் எது?' (அ) செவ்வகம் (ஆ) சாய்சதுரம் (இ) சரிவகம் (ஈ) சதுரம். விடைக்குறிப்பில் 'ஆ' மட்டும்.

(0,0), (4,0), (4,4), (0,4) என்று ஒரு சதுரம் வரைந்து பாருங்கள். இரு மூலைவிட்டங்களின் நடுப்புள்ளியும் (2,2)தான். சாய்வுகள் 1, –1. பெருக்கினால் –1, ஆகவே செங்குத்து. பக்க அளவை எப்படி மாற்றினாலும் இதுவே வரும், ஏனெனில் எல்லாச் சதுரமும் சாய்சதுரமே. செவ்வகத்தில் இருசமக்கூறிடல் உண்டு, செங்குத்து எல்லாவற்றுக்கும் வராது. சரிவகத்தில் இருசமக்கூறிடலே இல்லை. ஆக, 'ஆ', 'ஈ' இரண்டும் சரி. 'மிகப் பொருத்தமான' என்ற சொல் வினாவில் எங்குமே இல்லை, அடிக்குறிப்பில்தான் முளைத்தது. வினா எழுதியவர் மனதில் எதை நினைத்தார் என்பது மாணவருக்கு எப்படித் தெரியும்?

இது புதிதும் அல்ல. முன்பு 'x² = 16 எனில் x = ?' என்று கேட்டு, 4, –4 இரண்டையும் தெரிவுகளில் வைத்து, 4க்கு மட்டும் மதிப்பெண் தந்தீர்கள். பிறகு விகிதமுறு எண் எது என்று கேட்டபோது 22/7ஐத் தவறு என்றீர்கள். π-க்குத் தோராயமாக எடுத்துக்கொள்கிறோம் என்பதற்காக ஒரு பின்னம் விகிதமுறா எண் ஆகிவிடுமா? அப்போதும் திருத்தம் கேட்டு எழுதினேன். அது வந்ததா இல்லையா என்று உங்களுக்கே தெரியும்.

இத்தகைய பிழையை விடைத்தாள்களே காட்டிக்கொடுக்கும். உதாரணத்துக்கு, வகுப்பில் அதிக மதிப்பெண் பெற்ற 10 பேரில் 5 பேர் 'ஆ', 5 பேர் 'ஈ' என்று வைத்துக்கொள்வோம். கடைசி 10 பேரில் 4 பேர் 'ஆ', ஒருவர் 'ஈ', மற்றவர் வேறு. 'ஆ'வை மட்டும் ஏற்றால், மேல்மட்டத்துக்கும் கீழ்மட்டத்துக்கும் வேறுபாடு ஒரே ஒருவர்தான். யார் படித்தவர் என்று அந்த வினாவால் பிரிக்கவே முடியவில்லை. இரண்டையும் ஏற்றால் 10க்கு 5 என்று வேறுபாடு தெளிவாக விழுகிறது. தவறான தெரிவில் பெரும்பாலும் படிக்காதவர்தான் சிக்குவார். நன்றாகப் படித்தவர்கள் கூட்டமாக ஒரு 'தவறான' விடைக்குப் போனால், சந்தேகப்பட வேண்டியது விடைக்குறிப்பை.

அதற்காக எல்லோருக்கும் மதிப்பெண் வாரி வழங்கிக் கையைக் கழுவுவதும் சரியல்ல. சரிவகம் என்று எழுதியவருக்கு எதற்கு மதிப்பெண்? வினாவே பொருளற்றுப் போனாலோ சரியான தெரிவே இல்லாமல் போனாலோதான் அந்த வழி. இங்கே 'ஆ' அல்லது 'ஈ' என்று ஏற்றால் போதும். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கும் தேர்வாக இருந்தால், 'ஈ' எழுதியவரிடம் கழித்ததையும் திருப்பித் தர வேண்டும். கூட்டலில் பலர் மறப்பது இதைத்தான்.

வினாவைச் சரிசெய்வது ஒரு நிமிட வேலை. 'ஈ'யில் சதுரத்தை எடுத்துவிட்டுப் பட்டத்தை வையுங்கள். அதன் மூலைவிட்டங்கள் செங்குத்தானவை, ஆனால் ஒன்றுதான் மற்றதை இருசமக்கூறிடும் என்பதால், பாதி படித்தவர் சரியாக அங்கே மாட்டுவார். சதுரம் இருந்தே தீர வேண்டும் என்றால், மூலைவிட்டங்கள் 6 செ.மீ., 4 செ.மீ. என்று அளவு கொடுத்துவிடுங்கள். சமமில்லாத மூலைவிட்டங்களோடு சதுரம் நிற்காது. பக்கம் √13 செ.மீ. உள்ள சாய்சதுரம் மட்டுமே மிஞ்சும்.

நான் கேட்பது ஒரு வரிதான்: '17ஆம் வினாவுக்கு ஆ, ஈ இரண்டும் சரி.' விடைக்குறிப்பு அச்சான அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் வரட்டும். கடைசிப் பக்க மூலையில், பூதக்கண்ணாடி வைத்துத் தேடும்படி வேண்டாம். இடம் போதாவிட்டால் அந்த அடிக்குறிப்பை எடுத்துவிடுங்கள், தாராளமாக இடம் கிடைக்கும்.

இப்படிக்கு,
கணக்கு ஆசிரியர் ஒருவர்