நாற்பது கம்பெனி, ஒரே நாள்: மாணவர் ஆய்வரங்கக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய குழுவினருக்கு, வணக்கம்.

உங்கள் ஆய்வரங்கத்துக்கு வரும் நிதித்துறைக் கட்டுரைகளைத் திருத்துகிறவர்களில் நானும் ஒருவன். நீங்கள் மாணவர்களுக்குக் கொடுக்கும் அட்டவணை மாதிரியைப் பற்றி எழுதுகிறேன். ஒரு நிகழ்வை ஒட்டிப் பங்கு விலைகள் எப்படி அசைந்தன என்று பார்க்கும் நிகழ்வு ஆய்வுக்கென்று அதில் இருப்பவை மூன்றே பத்திகள்: எந்தெந்த நாள்களைக் கணக்கில் எடுத்தோம் என்னும் சாளரம், சராசரி கூட்டு அசாதாரண வருவாய், அது தற்செயலா இல்லையா என்று சோதிக்கும் டி மதிப்பு. முடிவு தற்செயலாகத் தெரியவில்லை என்று காட்ட டி மதிப்பின் தலையில் நட்சத்திரம் போட இடம் உண்டு. அந்த எண் எப்படி வந்தது என்று எழுதத்தான் இடமில்லை.

நம் பிள்ளைகள் பாதிப் பேர் தேர்ந்தெடுப்பது மலேசியாவின் 2018-ஆம் ஆண்டு 14-ஆவது பொதுத்தேர்தலைத்தான். அரசாங்கக் குத்தகைகளை நம்பியிருந்த கம்பெனிகளின் பங்குகள் ஆட்சி மாற்றத்துக்குப் பிறகு என்ன ஆயின என்பது நல்ல கேள்வி. ஆனால் வழுக்கி விழ அதில் நிறைய இடமும் உண்டு.

முதல் வழுக்கல் தேதியிலேயே இருக்கிறது. வாக்களிப்பு மே 9, புதன்கிழமை. அன்று விடுமுறை. புதிய அரசாங்கம் 10, 11 இரண்டு நாளையும் பொது விடுமுறையாக்கியது. பங்குச் சந்தையான புர்சா மலேசியா மறுபடி திறந்தது மே 14, திங்கட்கிழமை. பிரிக்பீல்ட்ஸில் ஒரு தோசைக் கடையில் வைத்து ஒரு மாணவி தன் எக்செல் கோப்பைக் காட்டினார். "சார், தேர்தலுக்கு மார்க்கெட் அசையவே இல்லியா? எல்லாம் சைபரா இருக்கு." பார்த்தால் மே 9, 10, 11 மூன்று வரிசையிலும் எல்லாக் கம்பெனிக்கும் 8-ஆம் தேதியின் விலையே நின்றது. சில தரவுச் சேவைகள் விடுமுறை நாளில் முந்தைய விலையை அப்படியே இட்டு நிரப்பிவிடும். அந்தப் பிள்ளை மே 9-ஐ 0-ஆம் நாளாக வைத்து (−1,+1) சாளரம் போட்டிருந்தார். அதாவது 8, 9, 10. உண்மையில் வணிகம் நடந்த நாள் அதில் ஒன்றுதான், அதுவும் வாக்களிப்புக்கு முந்தைய நாள். கணக்கில் பிழையே இல்லை, ஆனால் தேர்தல் முடிவு அந்தச் சாளரத்துக்குள் வரவே இல்லை.

எனவே 0-ஆம் நாள் எந்தத் தேதி, ஏன் அந்தத் தேதி என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். சாளரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் காலண்டர் தேதியும் போடச் சொல்லுங்கள். மே 14-ஐ 0 என்று வைத்தால் (0,+2) என்பது 14, 15, 16. அந்த 16-ஆம் தேதிதான் நிதியமைச்சு ஜிஎஸ்டி ஜூன் 1 முதல் சுழியம் விழுக்காடு என்று அறிவித்தது. ஆய்வுக்கு எடுத்தவற்றில் சில்லறை வணிகக் கம்பெனி ஒன்று இருந்தால் அதன் மூன்றாம் நாள் வருவாயைத் தேர்தலின் கணக்கில் எழுதலாமா? (0,+10) வரை நீட்டினால் கடைசி நாள் மே 28. சிங்கப்பூருக்கான அதிவேக ரயில் திட்டத்தைக் கைவிடுவதாகச் சொன்ன நாள் அது. கட்டுமானப் பங்குகளைப் பார்க்கிறவர் இதை எழுதாமல் விட்டால், படிக்கிறவருக்கு அந்தக் கூட்டுத்தொகையில் எது தேர்தல், எது ரயில் என்று தெரியாது.

தேதி தவறினால் பார்த்தவுடன் பிடித்துவிடலாம். டி மதிப்பில் இருக்கும் தவறு அப்படி அல்ல, எல்லாம் சரியாக இருப்பது போலவே தெரியும். ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன், எண்கள் நான் வைத்தவை.

40 கம்பெனிகள். நிகழ்வுக்கு முந்தைய 200 நாள் தரவில் சந்தை மாதிரியைப் பொருத்துகிறோம். ஒரு பங்கின் வருவாயில், குறியீட்டின் வருவாயைக் கொண்டு விளக்க முடியாத மிச்சம்தான் அசாதாரண வருவாய். அந்த மிச்சத்தின் நியமவிலக்கம் ஒரு கம்பெனிக்கு நாளொன்றுக்கு 2 விழுக்காடு என்று வைப்போம். மூன்று நாள் சாளரத்துக்கு 2 × √3, அதாவது 3.46. நாற்பது கம்பெனியின் சராசரிக்கு அதை √40-ஆல் வகுத்தால் 0.55. சராசரி கூட்டு அசாதாரண வருவாய் −1.8 என்றால் டி மதிப்பு −3.29. மூன்று நட்சத்திரம்.

√40-ஆல் வகுக்கும்போது நாற்பது கம்பெனியும் ஒன்றையொன்று சாராதவை என்று நாம் சொல்லாமலே சொல்லிவிடுகிறோம். கம்பெனிக்குக் கம்பெனி நிகழ்வு நாள் வேறாக இருந்தால், உதாரணமாக ஈவுத்தொகை அறிவிப்பு என்றால், அது பெரும்பாலும் சரி. இங்கே எல்லாருக்கும் நாள் ஒன்று, தொழிலும் ஏறக்குறைய ஒன்று. சந்தையின் பங்கைக் கழித்த பிறகும் கட்டுமானப் பங்குகள் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். ஒரே பஸ்ஸில் வந்த நாற்பது பேர் ஃபெடரல் நெடுஞ்சாலையில் நெரிசல் என்று சொன்னால் அது நாற்பது சாட்சியம் ஆகாது.

மிச்சங்களுக்கு இடையிலான சராசரி ஒட்டுறவு r வெறும் 0.05 என்று வைத்துக்கொள்ளுங்கள். தனித்தனி ஜோடியாகப் பார்த்தால் கண்ணில் படாத அளவு. திருத்தம் இவ்வளவுதான்:

```
t_adj = t / sqrt(1 + (n-1)*r)
```

1 + 39 × 0.05 = 2.95. அதன் வர்க்கமூலம் 1.72. −3.29 இப்போது −1.91 ஆகிறது. 5 விழுக்காட்டு எல்லையான 1.96-ஐக்கூடத் தொடவில்லை. நாற்பது கம்பெனி சுமார் பதினான்கின் எடைக்குச் சுருங்கிவிட்டது. r 0.10 என்றால் −1.49. மூன்று நட்சத்திரத்தில் ஒன்றும் மிஞ்சாது.

ஆய்வாளர்கள் கோலாரியும் பைனோனனும் 2010-இல் கொடுத்த திருத்தம் இதன் உறவுக்காரன்தான். நிகழ்வு நாளில் விலை அலைச்சலே கூடிவிடுகிற சிக்கலையும் சேர்த்துக் கவனிப்பதால் அது மேலானது. ஆனால் இளங்கலை மாணவரிடம் அதைக் கேட்க வேண்டியதில்லை. பிரவுனும் வார்னரும் 1980-களிலேயே காட்டிய எளிய வழி போதும். நாற்பதையும் சம எடையில் ஒரே தொகுப்பாக்கி, அந்தத் தொகுப்பின் மிச்சத்துக்கே 200 நாளில் நியமவிலக்கம் காண வேண்டும். பங்குகள் சேர்ந்து ஆடும் ஆட்டம் அந்த எண்ணுக்குள் தானாக வந்துவிடும். மேலே உள்ள கணக்கில் அது நாளொன்றுக்கு 0.32 அல்ல, 0.54 ஆக இருக்கும். எக்செல்லில் ஒரே ஒரு பத்திதான் கூடுதல். நிகழ்வு நாளின் கூடுதல் அலைச்சலை மட்டும் இது பிடிக்காது, அதைக் கட்டுரையில் ஒப்புக்கொண்டால் சரி.

கட்டுரை திருத்துகிறவன் என்ற அதிகாரத்தில் இதைச் சொல்லவில்லை. என் முதுகலை ஆய்வேட்டில் நானே ஏழு சாளரம் ஓட்டி, நட்சத்திரம் விழுந்த இரண்டை மட்டும் அச்சிட்டேன். யாரும் கேட்கவில்லை. உங்கள் மாதிரி அட்டவணையில் சாளரங்களுக்கு மூன்று வரிசைதான் இருப்பதால் பிள்ளைகளும் இன்று அதையே செய்கிறார்கள்.

ஆகவே வரும் ஆண்டு அட்டவணையில் தேதிக்கு ஒரு பத்தியும், கம்பெனிகள் தனித்தனி என்று கொண்ட டி மதிப்புக்குப் பக்கத்திலேயே தொகுப்பு முறை டி மதிப்புக்கு இன்னொரு பத்தியும் வேண்டும். ஓட்டிய எல்லாச் சாளரங்களுக்கும் வரிசை வேண்டும். இரண்டு டி மதிப்பும் முரண்பட்டால் மதிப்பெண் குறைக்கப்படாது என்று விதிமுறையில் எழுதிவிடுங்கள். அதை எழுதாவிட்டால் இரண்டாவது பத்தி காலியாகவே வரும்.

புதிய அட்டவணையின் மாதிரி ஒன்றை, மே 14-இல் தொடங்கும் தேதிகளோடு, உங்கள் அலுவலகத்தில் கொடுத்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மதிப்பீட்டாளர்களில் ஒருவன்,
கோலாலம்பூர்