அம்மா காலமான செய்திக்குப் பதில் எழுதியவர்களுக்கு

அம்மா போய்விட்டார் என்று நான் அனுப்பிய நான்கு வரி மின்னஞ்சலைப் பார்த்துப் பதில் எழுதிய அத்தனை பேருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ராத்திரியோடு ராத்திரியாகப் பந்தல் போட்ட தம்பிமார்கள், தேவாரம் பாடிய கோயில் அன்பர்கள், அடுப்பு மூட்டாத வீட்டுக்கு வேளை தவறாமல் சோறும் ரசமும் கொண்டுவந்து வைத்த பழைய லயத்து அக்காமார்கள், எவர் பெயரையும் தனியாகச் சொல்லவில்லை. சொன்னால் ஒருவர் விட்டுப்போகும். உங்கள் எல்லோருக்கும் நாங்கள் கடன்பட்டிருக்கிறோம்.

ஒரே ஒரு பதிலைப் பற்றி மட்டும் விரிவாக எழுத வேண்டும். ஈப்போவில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் கிராணியாக இருக்கும் என் தோழி அன்றிரவே எழுதியது. பெயரைப் போடாதே, மற்றதைச் சொல்லிக்கொள் என்றாள்.

அவள் கடிதத்தில் வணக்கம் இல்லை. சாவு வீட்டுக்குள் நுழையும்போது யாரும் வணக்கம் சொல்வதில்லை, கிளம்பும்போது போய் வருகிறேன் என்பதில்லை. அந்த வழக்கத்தை அவள் மின்னஞ்சலிலும் விடவில்லை. முதல் வரியே, “பதில் எழுதாதே, படித்தால் போதும்.” எப்படி ஆனது, எத்தனை மணிக்கு, டாக்டர் என்ன சொன்னார் என்று ஒரு கேள்வியும் கிடையாது. வாசலில் வருகிற ஒவ்வொருவரிடமும் அதே கதையை முதலிலிருந்து சொல்லிச் சொல்லி நா வறண்டு கிடக்கும் நேரத்தில், கேள்வி கேட்காத கடிதம் எவ்வளவு பெரிய உபகாரம் என்பது துக்க வீட்டில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

அடுத்து அம்மாவைப் பற்றி இரண்டே வரி. “உங்கம்மா சீவிய மரத்தில் காயம் இருக்காது. எங்கப்பா கங்காணியாக இருந்த காலத்தில் புதிதாக வந்தவர்களை உங்கம்மா நிரைக்குத்தான் கூட்டிப்போய்க் காட்டுவார்.” ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர்களுக்கு இதன் அருமை புரியும். பால் ஓடும் நாளங்கள் பட்டையின் உள்பக்கம்தான் நெருக்கமாக இருக்கும். மேலோட்டமாகச் சீவினால் பால் பிடிக்கும் மங்கு நிறையாது. உளி ஒரு மயிரிழை ஆழமாகப் போனால் தண்டோடு ஒட்டிய மெல்லிய படலம் அறுபடும். அந்த இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், திரும்ப அந்தப் பக்கம் சீவும்போது உளி வழுக்கும். இருட்டில், நெற்றியில் கட்டிய விளக்கு வெளிச்சத்தில், அத்தனை வருஷம் அந்த அளவு தப்பாமல் சீவிய கை அம்மாவுடையது. ‘நல்லவர், அன்பானவர்’ என்று எழுதியவர்களும் மனசார எழுதினீர்கள். ஆனால் அந்தச் சொற்கள் யாருடைய அம்மாவுக்கும் பொருந்தும். தோழி எழுதியது எங்கம்மாவுக்கு மட்டும்தான் பொருந்தும். தம்பிக்கு அதைப் படித்துக் காட்டியபோதுதான் அவன் வாய்விட்டு அழுதான்.

அதன் பிறகு ஒரு கோடு போட்டு, “இதற்குக் கீழே இருப்பதைக் காரியமெல்லாம் முடிந்து படி, பதிவு மட்டும் அவசரம்” என்று எழுதியிருந்தாள். அழுகிறவர்களிடம் காகித விஷயம் பேசுவது சங்கடம். கோடு போட்டுப் பிரித்ததால் உறுத்தவில்லை.

அம்மா வீட்டிலேயே இறந்ததால் போலீஸ் நிலையத்தில் அடக்க பெர்மிட் வாங்கியிருந்தோம். அதுவே போதும் என்று பலர் இருந்துவிடுகிறார்கள், போதாது என்றாள். அதை எடுத்துக்கொண்டு 7 நாட்களுக்குள் தேசியப் பதிவிலாகாவில் மரணத்தைப் பதிய வேண்டும், தாமதமானால் வேலை கூடும். அம்மாவின் அடையாள அட்டையான மைகார்டை அங்கே ஒப்படைத்துவிட வேண்டியிருக்கும். அதனால் போவதற்கு முன்பே இரண்டு பக்கமும் நகல் எடுத்து வை, பிறகு கேட்கிற இடத்திலெல்லாம் அட்டை இருக்காது, எண் மட்டும்தான் மிஞ்சும் என்று எழுதியிருந்தாள். சான்றிதழைக் கையில் வாங்கியதும் முகப்பை விட்டு நகராமல் பெயரையும் எண்ணையும் எழுத்து எழுத்தாக ஒப்பிடச் சொன்னாள்.

இது ஏன் என்பதற்கு அவள் சொன்ன காரணம் தோட்டத்து ஆட்கள் எல்லோருக்கும் உதவும். லெட்சுமி என்ற ஒரு பெயரை அந்தக் காலத்துக் கிராணிகள் காதில் விழுந்தபடி மூன்று நான்கு விதமாக எழுதி வைத்திருக்கிறார்கள். பிறப்புப் பத்திரத்தில் ஒன்று, மைகார்டில் ஒன்று, தோட்டக் கணக்கில் இன்னொன்று. எல்லாக் காகிதத்தையும் மேசையில் பரப்பி எது எதோடு ஒத்துப்போகவில்லை என்று முதலில் குறித்துக்கொண்டால், எல்லாம் ஒருவரே என்று ஒரு சத்தியப் பிரமாணப் பத்திரம் எழுதி முடித்துவிடலாம். பார்க்காமல் போனால் ஒவ்வொரு முகப்பிலும் திருப்பி அனுப்புவார்கள்.

ஊழியர் சேமநிதியான இபிஎஃப் பற்றியும் சொன்னாள். மரண உதவித்தொகை என்று 2,500 வெள்ளி உண்டு, அது 60 வயதுக்குள் இறந்தவர்களின் குடும்பத்துக்குத்தான், அம்மா 60ஐத் தாண்டியவர், அதற்காக அலையாதே என்றாள். இருக்கிற பணத்துக்கு நாமினி யார் என்று பார், அப்பா பெயர் இருந்தால் அவர் முன்பே இறந்துவிட்டதால் அது செல்லாது, பிள்ளைகள் சேர்ந்துதான் மனுச் செய்ய வேண்டும். பேங்க் அட்டையை எடுத்துக்கொண்டு போய் அம்மா கணக்கில் பணம் எடுக்காதே, சாவுச் செலவுக்கு என்றாலும் வேண்டாம், பிறகு அண்ணன் தம்பிக்குள் கணக்குக் கேட்கும் நாள் வரும்.

கடைசியாக எழுதியதை நாங்கள் நினைத்தே பார்த்திருக்க மாட்டோம். அலமாரியில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குப் பத்திரம் இருக்கிறதா பார் என்றாள். தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், 1960இல் துன் சம்பந்தன் தொடங்கிய சங்கம். நம் ஆட்கள் மாதம் 10 வெள்ளியாகக் கட்டிப் பங்கு வாங்கியவர்கள். பலர் வீட்டில் அது பிள்ளைகளுக்கே தெரியாமல் கிடக்கிறது. அம்மாவின் பட்டுப்புடவைக்கு அடியில், பிளாஸ்டிக் பையில் சுற்றி, பத்திரம் இருந்தது. அம்மாவுடையது ஒன்று, அப்பாவுடையது ஒன்று.

பிறகு இப்படி முடித்திருந்தாள்: “புதன்கிழமை லீவு போட்டுவிட்டேன். காலை எட்டரைக்குக் காரோடு வாசலில் நிற்பேன், பதிவிலாகாவுக்குச் சேர்ந்து போகலாம். வேண்டாம் என்றால் ‘வேண்டாம்’ என்று ஒரு சொல் அனுப்பு.” எந்த உதவி வேண்டுமானாலும் சொல் என்று எழுதுகிறவர்களிடம் நாம் எதையும் கேட்பதில்லை, கேட்க வாயும் வராது. கிழமையும் மணியும் போட்டு எழுதினால் நாம் யோசிக்க வேண்டியதே இல்லை. புதன்கிழமை அவள் வந்தாள், போனோம், பதிந்தோம்.

தோழி, உனக்கு நன்றி என்று சொன்னால் திட்டுவாய். சொல்லத்தான் போகிறேன். இனி எனக்கு யாரேனும் தாயோ தகப்பனோ தவறிய செய்தி அனுப்பினால், அன்றே பதில் போடுவேன். கேள்வி கேட்க மாட்டேன். போனவரைப் பற்றி எனக்குத் தெரிந்த ஒன்றை எழுதுவேன், என்னால் வர முடிந்த நாளை எழுதுவேன்.

பதினாறாம் நாள் காரியம் வரும் ஞாயிறு காலை சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டில். அம்மாவோடு ஒரே நிரையில் மரம் சீவியவர்கள், பால் கொட்டகையில் கூட நின்றவர்கள் யாராவது இருந்தால் அவசியம் வாருங்கள். பங்குப் பத்திரம், பழைய இபிஎஃப் காகிதம் என்று வீட்டில் எது கிடந்தாலும் கையோடு எடுத்து வாருங்கள், தோழியும் அன்று இருப்பாள்.