ஒருமுறைச் சலுகையும் செலவும்

ஆசிரியருக்கு,

இந்த ஆண்டு மட்டும் தரப்படும் வருமான வரிச்சலுகையால் விற்பனை பெருகும் என்கிறது தங்கள் தலையங்கம். எனக்கு ஐயம்தான்.

இன்னும் 40 ஆண்டுகள் வாழவிருக்கும் ஒருவருக்கு எதிர்பாராமல் 40,000 கிடைக்கிறது. வட்டியை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், அவர் ஆண்டுக்குக் கூடுதலாகச் செலவிடக்கூடியது 1,000 மட்டுமே. மீதி சேமிப்புக்குப் போகும். அதே தொகை ஆண்டுதோறும் வரும் சம்பள உயர்வாக இருந்தால், ஓய்வுக்காலத்துக்கு ஒதுக்கியது போகப் பெரும்பகுதியைத் துணிந்து செலவிடுவார். பொருளியலாளர் மில்டன் ஃப்ரீட்மன் 1957-இல் முன்வைத்த நிரந்தர வருமானக் கருத்து இதுதான். ஃபிராங்கோ மோடிக்லியானியின் வாழ்நாள் சுழற்சிக் கோட்பாடும் இதற்கு நெருங்கியதே.

இழப்பிலும் இப்படித்தான். 1968-இல் அமெரிக்கா விலைவாசியைத் தணிக்க வருமான வரியின் மேல் 10 சதவீதத் தற்காலிகக் கூடுதல் வரி விதித்தது. தற்காலிகம் என்று தெரிந்ததால் பலர் செலவைக் குறைக்காமல் சேமிப்பைக் குறைத்துக்கொண்டனர்; விலைவாசி எதிர்பார்த்தபடி அடங்கவில்லை.

சேமிப்பும் கடன் வசதியும் இல்லாதவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. தள்ளிப்போட்ட தேவைகள் காத்திருப்பதால், கைக்கு வந்ததை அவர்கள் உடனே செலவிடுவார்கள். ஆனால் வருமான வரியே கட்டாத அவர்களை இந்தச் சலுகை எட்டப்போவதில்லை. தலையங்கம் அதைத் தொடவே இல்லை.

– ஒரு வாசகர்