முதல் கிராம சபையில் பேசப் போகும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

ஆகஸ்ட் 15 கிராம சபையில் தலைவராக முதன்முதலாக ஊர்முன் நிற்கப் போகிறாய். என்ன பேசுவதென்று கேட்டிருந்தாய். ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். ஆனால் அந்த ஐந்து நிமிடத்தைக் கூட்டத்தின் தொடக்கத்திலேயே வாங்கிக்கொள். ஊராட்சிச் செயலர் கூட்டப் பொருள்களை வாசிக்க ஆரம்பித்துவிட்டால் நேரம் போவதே தெரியாது. உங்கள் ஊரில் 2,400 பேர் என்பதால் கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது 100 பேர் வர வேண்டும், அதுதான் குறைவெண். அந்த எண்ணிக்கையை நிரப்புவது பெரும்பாலும் நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள்தான். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு அவர்களில் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். அதற்குள் நீ பேசிவிட வேண்டும்.

நன்றி சொல்வதை ஒரே வரியில் முடி. ஓட்டுப் போடாதவர்களும் எதிரே உட்கார்ந்திருப்பார்கள். பெயரும் தெருவும் சொல். ஊராட்சி அலுவலகத்தில் எந்தெந்த நாள், எத்தனை மணிக்கு இருப்பாய் என்று சொல். கைப்பேசி எண்ணை நிறுத்தி இரண்டு முறை சொல். உன் எண்ணைத்தான் சொல்ல வேண்டும், மாப்பிள்ளை எண்ணை அல்ல. அவர் எண்ணைக் கொடுத்துவிட்டால் அடுத்த ஐந்து வருடமும் ஊருக்கு அவர்தான் தலைவர். அன்றைக்கு அவர் மற்றவர்களோடு கீழே உட்காரட்டும்.

அடுத்தது பணம். படிவம் 30-ல் உள்ள வரவு செலவைச் செயலர் எப்படியும் வாசிப்பார், ஆனால் அந்த வேகத்தில் யாருக்கும் புரியாது. பொது நிதியில் இன்று இருப்பு எவ்வளவு, கட்ட வேண்டிய மின் கட்டணப் பாக்கி எவ்வளவு, வராத வீட்டு வரி எவ்வளவு என்று மூன்று தொகையை மட்டும் நீ உன் வாயால் சொல். முந்தின நாளே வங்கிப் புத்தகத்தோடு ஒத்துப்பார்த்துவிடு. பழைய தலைவரைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம், எண்களே பேசும்.

பிறகு கேள்வி வரும். பட்டா, முதியோர் உதவித்தொகை, ரேஷன் அட்டை என்று கேட்பார்கள். இவை வட்டாட்சியர், வழங்கல் அலுவலகம் பார்ப்பவை. "நான் வாங்கித் தருகிறேன்" என்று சொல்லிவிடாதே. மனுவாக வாங்கி அனுப்புவதாகச் சொன்னால் போதும்.

ஆனால் குடிநீர் உன் பொறுப்பு. முதல் குரல் அநேகமாகக் கடைசித் தெருவிலிருந்துதான் வரும்: "எங்களுக்குத் தண்ணியே வர்றதில்ல." உடனே புது ஆழ்துளைக் கிணறு போடுவதாக வாக்குக் கொடுப்பதுதான் எல்லோரும் செய்வது. முதலில் கணக்குப் பார். அந்தத் தெரு இருக்கும் குக்கிராமத்தில் 900 பேர். ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்ற ஜல் ஜீவன் குடிநீர்த் திட்ட அளவுப்படி 49,500 லிட்டர் வேண்டும். தொட்டியோ 30,000 லிட்டர். ஒருமுறை நிரப்பினால் போதாது, இரண்டு முறை நிரப்பினால் தாராளம். ஆகவே தொட்டி ஆபரேட்டரிடம் தினமும் எத்தனை முறை ஏற்றுகிறார் என்று கூட்டத்துக்கு முன்பே கேட்டு வை.

இரண்டு முறை ஏற்றியும் வரவில்லை என்றால், முன் தெருக்களில் யாராவது குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார்களா என்று பார்க்க வேண்டும். கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. தண்ணீர் விடும் நேரத்தில் கரண்ட் போனவுடன் கடைசி வீட்டுக் குழாயில் வேகம் கூடினால் சந்தேகமே வேண்டாம், மோட்டார்தான். கரண்ட் போயும் அதே சொட்டு என்றால் கேட் வால்வு சரியாகத் திறக்கவில்லை, அல்லது குழாயில் அடைப்போ கசிவோ இருக்கிறது. இது தெரியாமல் புதுக் கிணறு போட்டால் அந்தத் தண்ணீரும் முன் தெருவிலேயே நின்றுவிடும். அதனால் சபையில், "இந்த வாரம் தண்ணீர் விடும் நேரத்தில் நானும் ஆபரேட்டரும் உங்கள் தெருவுக்கு வருகிறோம்" என்று கிழமையைக் குறிப்பிட்டுச் சொல். மோட்டார் வைத்திருப்பவர் பெயரை மேடையில் சொல்லாதே. அவர் உன் சொந்தக்காரராகவே இருக்கலாம்.

கடைசியாகத் தீர்மானப் புத்தகம். "கையெழுத்துப் போடுங்கம்மா, அப்புறம் எழுதிக்கலாம்" என்பார்கள். போடாதே. தீர்மானங்களை அங்கேயே எழுதி, சபையில் உரக்க வாசித்து, கடைசித் தீர்மானத்தின் கீழே இடம் விடாமல் கோடு இழுத்த பிறகு கையெழுத்திடு. பக்கங்களைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்.

அன்புடன்,
அப்பா