பிரைவட்டியரையும் கடற்கொள்ளையர் என்றே எழுதும் மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வரலாற்று நூல்களைத் தமிழுக்குக் கொண்டுவருகிறவர்களுக்கும், படங்களுக்கு சப்டைட்டில் எழுதுகிறவர்களுக்கும், கலைச்சொல் தொகுக்கிறவர்களுக்கும்,

வணக்கம். போன மாதம் மெய்ப்புப் பார்க்க வந்த ஒரு மொழிபெயர்ப்பில் இப்படி ஒரு வரி இருந்தது: "எதிரி நாட்டுக் கப்பல்களைத் தாக்க அரசர் கடற்கொள்ளையர்களுக்கு உரிமம் வழங்கினார், கடற்கொள்ளையர்களைப் பிடிக்கவும் அவர்களையே அனுப்பினார்." இரண்டு தடவை படித்தேன், புரியவில்லை. மூலத்தை எடுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அங்கே இருந்தவை இரண்டு வேறு சொற்கள். ஒன்று பைரேட், இன்னொன்று பிரைவட்டியர். நம்மாள் இரண்டையும் கடற்கொள்ளையர் ஆக்கிவிட்டார். அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை, நானும் பல வருடம் அப்படித்தான் விட்டிருக்கிறேன். ஆனால் அந்த இரண்டு சொற்களுக்கு நடுவே ஒருவனுடைய கழுத்தே தொங்கியிருக்கிறது. அந்தக் கதையைச் சொல்லிவிட்டு என் கோரிக்கைக்கு வருகிறேன்.

பார்வைக்கு இரண்டு பேர் செய்வதும் ஒன்றுதான். பீரங்கி வைத்த தனியார் கப்பல் ஒரு வணிகக் கப்பலைத் துரத்தும், மடக்கும், சரக்கோடு ஓட்டிக்கொண்டு போகும். பைரேட் இதைத் தன் இஷ்டத்துக்குச் செய்கிறான், யாரையும் கேட்பதில்லை. அதனால் சட்டம் அவனை எந்த நாட்டுக்கும் சேராதவனாக, மனித குலத்துக்கே எதிரியாகப் பார்த்தது. எவன் கையில் சிக்கினாலும் தூக்கு. பிரைவட்டியர் கையில் அரசர் பெயரால் கொடுத்த ஒரு பத்திரம் இருக்கும். இன்ன நாட்டோடு நமக்குப் போர், அந்த நாட்டாரின் கப்பலையும் சரக்கையும் நீ பிடிக்கலாம் என்று அதில் எழுதியிருக்கும். பிரெஞ்சுக்காரரிடம் சிக்கிய ஆங்கிலப் பிரைவட்டியர் போர்க்கைதிதான், குற்றவாளி இல்லை.

பத்திரம் இருந்தால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள், பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். பிடித்த கப்பல் பிடித்த அன்றே பிடித்தவனுக்குச் சொந்தமாகிவிடாது. சரக்கில் கை வைக்காமல், கப்பலின் காகிதங்களோடு, அதன் ஆட்களில் சிலரையும் கூட்டிக்கொண்டு, கடற்படை நீதிமன்றம் இருக்கும் துறைமுகத்துக்கு வர வேண்டும். அங்கே பிடிபட்ட ஆட்களை விசாரிப்பார்கள்: கப்பல் யாருடையது, எங்கிருந்து எங்கே போனது, சரக்கு யார் பெயரில் இருக்கிறது, காகிதம் எதையாவது கடலில் வீசினீர்களா? உரிமையாளர் வந்து வழக்காடலாம். இது எதிரியின் சொத்துதான் என்று தீர்ப்பானால் ஏலம் விட்டு அரசருக்கு ஒரு பங்கு, மிச்சம் முதல் போட்டவருக்கும் மாலுமிகளுக்கும். தீர்ப்பு எதிராகப் போனால் கப்பலைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும், நஷ்ட ஈடும் கேட்பார்கள். இதற்காகவே கிளம்பும் முன்பே ஜாமீன் எழுதி வாங்கிவிடுவார்கள்.

சரி, இவ்வளவு தொல்லை பிடித்த ஏற்பாட்டை அரசர்கள் ஏன் விரும்பினார்கள்? காசுதான். 1689 முதல் 1697 வரை இங்கிலாந்தும் பிரான்சும் போரிட்டதில் இரண்டு கஜானாவும் வற்றிப்போயின. பிரான்சில் 1693, 94 இல் பஞ்சம் வேறு. பெரிய கடற்படையைக் கட்டித் தீனி போட முடியாத பதினான்காம் லூயி, தன் கப்பல்களையே தனியாருக்குக் கொடுத்து, ஆள்கூலியும் சாப்பாடும் அவர்கள் பொறுப்பு, கிடைப்பதில் பங்கு என்று ஏற்பாடு செய்தார். கோட்டை கட்டுவதில் பேர்போன வோபான் 1695 இல் இதையே கொள்கையாக எழுதிக் கொடுத்தார்: இங்கிலாந்தும் ஹாலந்தும் வணிகத்தால் வாழ்கின்றன, அந்த வணிகத்தை அடித்தால் அவர்களே சமாதானத்துக்கு வருவார்கள் என்பது அவர் கணக்கு. எதிரி வணிகனுக்குச் சரக்கு போவதோடு முடியாது, கப்பல் காப்பீட்டுக் கட்டணம் ஏறும், துணைக்குப் போர்க்கப்பல் வரும்வரை துறைமுகத்திலேயே காத்துக் கிடக்க வேண்டிவரும். பிரெஞ்சுத் துறைமுகமான சாங்-மாலோவின் பிரைவட்டியர்கள் கொடுத்த தொல்லை பொறுக்காமல்தான் 1693 இல் ஆங்கிலேயர் வெடிமருந்து நிரப்பிய ஒரு கப்பலையே அந்த ஊரின்மேல் அனுப்பினார்கள்.

அரசருக்கு அந்தப் பங்கு முக்கியமா, எதிரிக்கு விழும் அடி முக்கியமா என்று கேட்டால் அடிதான் என்பேன். 1708 இல் பிரிட்டன் ஒரு சட்டம் போட்டு அரசுக்கு வரவேண்டிய பங்கையே விட்டுக்கொடுத்தது, பிடித்தவருக்கே முழுதும் என்று. வருமானத்துக்காக நடத்தும் ஏற்பாடாக இருந்தால் எந்த அரசு அப்படிச் செய்யும்?

இப்போது வில்லியம் கிட் கதைக்கு வருவோம். ஸ்காட்லாந்துக்காரர், நியூயார்க்கில் குடும்பத்தோடு இருந்தவர். 1695 இல் லண்டனில் பெல்லமோன்ட் பிரபுவும், பின்னணியில் அரசாங்கத்தின் சில பெருந்தலைகளும் முதல் போட்டு இவரைக் கப்பல் தலைவனாக்கினார்கள். கப்பலின் பெயர் அட்வென்சர் கேலி, 34 பீரங்கி, காற்று இல்லாவிட்டால் தள்ள துடுப்புகளும் உண்டு. கையில் இரண்டு பத்திரம்: ஒன்று பிரெஞ்சுக் கப்பல்களைப் பிடிக்க, மற்றது கடற்கொள்ளையரைப் பிடிக்க. மாலுமிகளுக்குச் சம்பளம் கிடையாது. பிடித்தால் பங்கு, பிடிக்காவிட்டால் வெறுங்கை. அத்தனை கேடுக்கும் வேர் இந்த ஒரு விதி என்பேன். ஒரு வருடத்துக்கும் மேல் கடலில் அலைந்து ஒன்றும் அகப்படாத, பசித்த நூற்றைம்பது பேரை வைத்துக்கொண்டு சட்டப்படி நடந்துகொள்வது எப்படி? 1697 அக்டோபரில் வில்லியம் மூர் என்ற பீரங்கிக்காரரோடு வாக்குவாதம் முற்றி, இரும்புப் பட்டை போட்ட வாளியால் கிட் அடித்த அடியில் அவர் மறுநாள் செத்துப்போனார்.

1698 ஜனவரி 30. கொச்சிக்கு அப்பால் ஒரு பெரிய கப்பல் வருகிறது. பெயர் கெடா மெர்ச்சன்ட் (கெடா என்றால் வேறெதுவும் இல்லை, நம் பழைய இலக்கியத்தில் வரும் கடாரம்தான்). வங்காளத்திலிருந்து சூரத்துக்குப் பட்டு, மஸ்லின், சர்க்கரை, அபின் எல்லாம் ஏற்றிப் போகிறது. சரக்கு பெரும்பாலும் அர்மீனிய வணிகர்களுடையது, முகலாய அரசவைப் பிரபு ஒருவருக்கும் அதில் பங்கு உண்டு. கப்பல் தலைவனோ ஆங்கிலேயன். கிட் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார். அக்காலக் கடலில் இது குற்றமில்லை, சாதாரணத் தந்திரம். கொடியைப் பார்த்ததும் அங்கிருந்து ஒரு பிரெஞ்சுக்காரர் தலைவன் வேடத்தில் படகேறி வந்து, பிரெஞ்சுக் கம்பெனி கொடுத்த பாஸ் ஒன்றை நீட்டினார். அந்தக் காலத்தில் வணிகர்கள் ஆங்கிலம், டச்சு, பிரெஞ்சு என்று பல பாஸ்களைப் பையில் வைத்திருந்து, எதிரே எந்தக் கொடி பறக்கிறதோ அதற்கேற்றதை எடுத்துக் காட்டுவார்கள். பாஸைக் கண்டதும் கிட் ஆங்கிலக் கொடியை ஏற்றினார்: நீங்களே பிரெஞ்சுப் பாஸ் காட்டினீர்கள், அப்படியானால் இது எதிரிக் கப்பல், நான் பிடித்தது சரி.

ஐரோப்பாவில் சமாதானம் கையெழுத்தானது முந்தின செப்டம்பரில். ஆனால் சேதி வந்துசேர மாதங்கள் ஆகும் என்பதால் தூரக் கடல்களுக்கு அவகாசம் வைப்பது அன்றைய வழக்கம். ஆகவே தேதியை வைத்து மட்டும் அவரைக் குற்றவாளி என்று சொல்லிவிட முடியாது.

கோட்டைவிட்டது அப்புறம்தான். கப்பலை எந்த நீதிமன்றத்துக்கும் கொண்டுபோகவில்லை. சரக்கில் ஒரு பகுதியை அந்தக் கரையிலேயே விற்று ஆட்களுக்குப் பங்கு போட்டார். பிறகு மடகாஸ்கர் பக்கம் செயின்ட் மேரி தீவுக்குப் போனார்கள். அங்கே கலிஃபோர்ட் என்ற அசல் கொள்ளையன் இருந்தான். அவனைப் போன்றவர்களைப் பிடிக்கத்தான் கிட் கையில் பத்திரமே இருந்தது, ஆனால் அவருடைய ஆட்களில் பெரும்பாலோர் கப்பலைவிட்டு இறங்கி அவனோடு சேர்ந்துகொண்டார்கள்!

இதற்கிடையில் சூரத்தில் நெருப்புப் பற்றிக்கொண்டது. 1695 இல் ஹென்றி எவரி என்ற ஆங்கிலக் கொள்ளையன் ஔரங்கசீப்பின் கஞ்ச்-இ-சவாய் கப்பலைச் சூறையாடியதிலிருந்தே முகலாயர்களுக்கு ஆங்கிலேயர் என்றால் திருடர்கள்தான். கெடா மெர்ச்சன்டும் போனதும் கிழக்கிந்தியக் கம்பெனி லண்டனை நெருக்கியது, கிட் கொள்ளையன் என்று அறிவிக்கப்பட்டார். அவருக்கு விஷயம் தெரிந்ததே 1699 இல் கரீபியன் வந்து சேர்ந்தபோதுதான். பாஸ்டனில் ஆளுநராக இருந்த அதே பெல்லமோன்ட்டிடம் பிரெஞ்சுப் பாஸ்களைத் தன் வழக்கறிஞர் மூலம் கொடுத்தனுப்பினார், பிறகு தானும் அங்கே போனார். பாஸ்களை வாங்கிக்கொண்ட பெல்லமோன்ட் ஆளையும் சிறையில் அடைத்தார்.

1701 மே மாதம் லண்டனில் விசாரணை. முதலில் மூரைக் கொன்ற வழக்கு, அதிலேயே குற்றவாளி என்று தீர்ப்பாகிவிட்டது. பிறகு கொள்ளை வழக்குகள். என் பாஸ்கள் எங்கே என்று கிட் கேட்டுக்கொண்டே இருந்தார், யாரும் கொண்டுவந்து கொடுக்கவில்லை. நீதிபதி பக்கமிருந்து வந்த கேள்வி கூர்மையானது: பாஸ் இருந்ததென்றே வைத்துக்கொள்வோம், ஏன் நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்து தீர்ப்பு வாங்கவில்லை? ஆட்கள் விடவில்லை, பாதி வழியில் ஓடிவிட்டார்கள் என்றார் கிட். மே 23 அன்று தேம்ஸ் கரையில் தூக்கிலிட்டார்கள். முதல் கயிறு அறுந்தது, திரும்பவும் கட்டித் தூக்கினார்கள். அந்தப் பாஸ்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் ஆவணக் காப்பகத்திலேயே கிடைத்தன.

அவை அன்று கிடைத்திருந்தால் பிழைத்திருப்பாரா? மூர் வழக்கு இருந்ததால் சந்தேகம்தான். ஆனால் கொள்ளையன் என்ற பெயர் ஒட்டியிருக்குமா என்பது வேறு கேள்வி. என் கருத்தைக் கேட்டால், கொச்சியில் பிடித்த நிமிடத்தில் அவர் பிரைவட்டியர், சரக்கை விற்றுப் பங்கு போட்ட நாளில்தான் எல்லைக் கோட்டைத் தாண்டினார். இந்த வாக்கியத்தையே இரண்டுக்கும் கடற்கொள்ளையர் என்று போட்டு எழுதிப் பாருங்கள், என் சங்கடம் புரியும்.

ஆகவே கேட்பது இதுதான். பிரைவட்டியர் என்று ஒலிபெயர்த்தே எழுதுங்கள், முதல் தடவை வரும்போது 'அரசு உரிமம் பெற்ற தனியார் போர்க்கப்பல்' என்று பக்கத்தில் சொல்லிவிடுங்கள். சப்டைட்டிலில் இடமில்லை என்றால் 'உரிமக் கப்பல்' போதும். பிரைவட்டியர் கையிலிருந்த பத்திரத்துக்குப் 'பிடிப்பு உரிமம்', நீதிமன்றம் தீர்ப்பளித்துக் கொடுக்கும் கப்பலுக்குப் 'பிடிப்பு' என்று நான் எழுதிவருகிறேன், இதைவிட நல்ல சொல் உங்களிடம் இருந்தால் சந்தோஷமாக மாற்றிக்கொள்வேன். 1856 பாரிஸ் பிரகடனத்தில் ஐரோப்பிய நாடுகள் இந்த உரிமத்தை ஒழித்ததைப் பற்றி எழுதும்போதாவது, தயவுசெய்து "கடற்கொள்ளை அன்றோடு ஒழிக்கப்பட்டது" என்று எழுதிவிடாதீர்கள். அப்படி எழுதிய பக்கம் ஒன்று இப்போதும் என் மேஜையில் சிவப்பு மையோடு கிடக்கிறது.

அன்புடன்,
ஒரு மெய்ப்புத் திருத்துபவர்