மஞ்சள் துணியைப் பார்த்து மெதுவாக நடந்தவர்களுக்கு

எங்கள் மகளிர் விடுதியின் வார்டன் மேடம், அலுவலக அண்ணன், மருத்துவ மையத்து சிஸ்டர், வாட்ச்மேன் ஐயா, மெஸ் அக்கா, என் பழைய அறைத் தோழிகள் மூவர், எல்லோருக்கும் வணக்கம்.

இரண்டாம் மாடிக் கோடியில் இருக்கும் சின்ன அறைக்கு நான் வந்து இந்த வாரத்தோடு ஒரு செமஸ்டர் ஆகிறது. உங்களில் ஒவ்வொருவரிடமும் தனித்தனியே நன்றி சொல்லியிருக்கிறேன். ஆனால் ஒருவர் செய்தது இன்னொருவருக்குத் தெரியாது. விடுதியில் எல்லோரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "தனி ரூமுக்கு யாரைப் பிடிச்சே?" யாரையும் பிடிக்கவில்லை. ஒரு கடிதம் எழுதினேன். அதுவும் முதல் தடவை எழுதியது பலிக்கவில்லை. அந்தக் கதையை எழுதினாலே யாருக்கு எதற்கு நன்றி என்பது விளங்கிவிடும்.

ஜூலையில் நான் கொடுத்த முதல் விண்ணப்பம் மூன்றே வரி. "எனக்கு அடிக்கடி கடுமையான தலைவலி வருவதால் அமைதியான தனி அறை ஒதுக்கித் தருமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்." அலுவலக அண்ணன் அதை வாங்கிப் படித்துவிட்டு, மேசையின் இழுப்பறையைத் திறந்து காட்டினார். உள்ளே அதே மாதிரி ஒரு கட்டு. "தலைவலி யாருக்கும்மா இல்ல? இத மேடம்கிட்ட வெச்சா, அவங்க எத வெச்சு ஆமான்னு சொல்வாங்க?" என்றார். அன்றைக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் அவர் கேட்டது சரியான கேள்வி என்று இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது. "அடிக்கடி" என்றால் எத்தனை தடவை, "கடுமை" என்றால் எவ்வளவு என்று எனக்கே தெரியாது.

அண்ணன் இன்னொன்றும் சொன்னார், அதற்குத்தான் அவருக்கு முதல் நன்றி. "கூட இருக்கிற பிள்ளைங்க மேல புகார் மாதிரி எழுதிடாத. அப்புறம் அது ரூம் சண்டை ஃபைலுக்குப் போயிடும்." எழுதத்தான் இருந்தேன். நான்கு பேர் அறையில் இரவு ஒரு மணிவரை ட்யூப் லைட் எரிவது யார் குற்றமும் இல்லை. அவர்களுக்கும் மறுநாள் பரீட்சைதான்.

மருத்துவ மையத்து சிஸ்டரிடம் போனது அதன் பிறகு. அவர்தான் பழைய டைரி ஒன்றை எடுத்துக் கொடுத்து கோடு போட்டுத் தந்தார்: தேதி, வலி தொடங்கிய நேரம், நின்ற நேரம், பத்துக்கு எத்தனை, முந்தின இரவு எத்தனை மணிநேரத் தூக்கம், கடைசியாகச் சாப்பிட்டது எப்போது, போட்ட மாத்திரை, மாதவிலக்கு நாளா இல்லையா. "ரெண்டு மாசம் எழுது. விட்டுப்போன நாளை ஞாபகத்துல இருந்து நிரப்பாத, காலியா விடு" என்றார். கட்டில் கம்பியில் பேனாவை நூலால் கட்டித் தொங்கவிட்டு எழுதினேன். வலி உச்சத்தில் இருக்கும்போது எழுதியவை எனக்கே படிக்க முடியாத கிறுக்கல். டாக்டர் அதைத்தான் முதலில் பார்த்தார்!

எட்டு வாரத்தில் ஒன்பது தடவை வந்திருந்தது. ஒவ்வொரு தடவையும் வலது பக்கம், நாடி துடிப்பதுபோலத் தெறிப்பு, குமட்டல், வெளிச்சமும் சத்தமும் ஆகாது, மாடிப்படி ஏறினால் இன்னும் கூடும். இதெல்லாம் எனக்குப் புதிதல்ல. புதிதாகத் தெரிந்தது வேறு. உடனே மாத்திரை போட்டு, இருட்டில் அசையாமல் படுக்க முடிந்த நான்கு தடவையும் ஆறு மணிநேரத்துக்குள் அடங்கியிருந்தது. தோழிகள் ஊருக்குப் போயிருந்த சனி, ஞாயிறுகளும் சிக் ரூம் காலியாக இருந்த ஒரு நாளும் அவை. மற்ற ஐந்தும் மறுநாள் வரை இழுத்திருந்தன. தனி அறை எதற்கு என்பதற்கு என்னிடம் இருந்த ஆதாரம் அவ்வளவுதான். அதுவே போதுமானதாக இருந்தது.

டைரி எனக்குச் சாதகமாக மட்டும் பேசவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒன்பதில் ஆறு, தூக்கம் கெட்ட இரவுக்கு மறுநாள். மூன்று, காலைச் சாப்பாட்டை விட்ட நாள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அந்த மூணுக்கு ரூம் என்னம்மா பண்ணும்?" என்றார். மாத்திரைக் கணக்கையும் எண்ணினார். ஒரு மாதத்தில் பதினொரு நாள் வலி மாத்திரை போட்டிருந்தேன், வந்துவிடுமோ என்று பயந்து முன்கூட்டிப் போட்டதையும் சேர்த்து. சாதாரண வலி மாத்திரையானாலும் மாதத்தில் 15 நாளும் அதற்கு மேலும் என்று மூன்று மாதத்துக்கு மேல் போனால், மாத்திரையே தலைவலியை உண்டாக்க ஆரம்பித்துவிடும் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். ஆஸ்துமா உண்டா என்று கேட்டு, இல்லை என்ற பிறகு தினமும் போடும் தடுப்பு மாத்திரை ஒன்றை எழுதினார். பலன் தெரிய இரண்டு மாதமாவது பொறு என்றார்.

அவர் முதலில் எழுதிக் கொடுத்த சான்றிதழில் "மைக்ரேன், மூன்று நாள் ஓய்வு" என்று இருந்தது. லீவு எடுக்க அது போதும், அறை கேட்க உதவாது. சிஸ்டர்தான் என்னைத் திருப்பி அனுப்பினார். இரண்டாவது சான்றிதழில் நான்கு விஷயம் இருந்தது: என்ன நோய், எவ்வளவு காலமாக, வலி வரும்போது என்ன தேவை, மறுபடி எப்போது பார்க்க வேண்டும். என் மருந்துச் சீட்டையோ டைரி முழுவதையுமோ இணைக்க வேண்டாம் என்றும் அவரே தடுத்தார். மாதவிலக்குத் தேதியெல்லாம் அலுவலக ஃபைலில் எதற்கு? அதனால் எட்டு வாரத்தின் சுருக்கத்தை மட்டும் அரைப் பக்கத்தில் தனியே எழுதி இணைத்தேன்.

இதற்கிடையில் தோழி ஒருத்தி, "மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல கேளேன்" என்றாள். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலை எடுத்துப் பார்த்தோம். அதில் மைக்ரேன் பெயர் சொல்லி இல்லை. ஆகவே உரிமை என்று தொடங்காமல் கோரிக்கையாகவே எழுதினேன். இரண்டாவது கடிதத்தின் நடுப்பகுதி இதுதான்:

"கடந்த எட்டு வாரத்தில் ஒன்பது முறை வலி வந்தது. இருட்டான, சத்தமில்லாத இடத்தில் படுக்க முடிந்த நான்கு முறையும் ஆறு மணிநேரத்துக்குள் குறைந்தது. மற்ற ஐந்து முறையும் மறுநாள் வகுப்புக்குப் போக முடியவில்லை. வலி வரும்போது விளக்கை அணைக்கவும், ஜன்னலை மறைக்கவும், பேச்சுச் சத்தம் இல்லாமல் படுக்கவும் ஓர் இடம் தேவைப்படுகிறது. பெரிய அறையோ, இணைந்த குளியலறையோ கேட்கவில்லை. இந்த செமஸ்டருக்கு மட்டும் கொடுத்து, முடிவில் டாக்டர் சான்றிதழைப் பார்த்து மறுபரிசீலனை செய்யலாம். தனி அறை இல்லையென்றால், வலி வரும் நாளில் சிக் ரூமைத் திறந்து தரும்படியாவது வேண்டுகிறேன்."

வார்டன் மேடம் அழைத்தார். கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர் கேட்ட கேள்வியை நான் எதிர்பார்க்கவே இல்லை. "இதெல்லாம் சரி. ராத்திரி ரெண்டு மணிக்கு வாந்தி எடுத்து மயங்கிக் கிடந்தா யாருக்குத் தெரியும்? நாலு பேர் ரூம்ல யாராவது பார்ப்பாங்க." அவர் தயங்கியதற்கு இதுதான் காரணம். அறை காலியில்லை என்றோ, சலுகை கொடுத்தால் எல்லோரும் கேட்பார்கள் என்றோ அவர் சொல்லவே இல்லை. நாங்கள்தான் அப்படி முடிவு கட்டிவைத்திருந்தோம்.

பதில் சொன்னது நானில்லை, வெளியே நின்றிருந்த என் தோழிகள். மாற்றுச் சாவி ஒன்று எங்களிடம் இருக்கட்டும், வலி வந்தால் அவள் தாழ்ப்பாள் போடமாட்டாள், கைப்பிடியில் மஞ்சள் துணி கட்டிவைப்பாள், துணி இருந்தால் மூன்று மணிநேரத்துக்கு ஒரு தடவை ஒருத்தி சத்தமில்லாமல் எட்டிப் பார்ப்போம் என்றார்கள். மேடம் அதைக் கடிதத்தின் ஓரத்தில் தன் கையால் எழுதிக்கொண்டார். எதைப் பார்த்தால் என்னைத் தூங்க விடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றும் சிஸ்டரிடம் கேட்டு எழுதவைத்தார்: இதுவரை இல்லாத மாதிரி சடாரென்று உச்சத்தில் தொடங்கும் வலி, கைகால் மரத்துப்போவது அல்லது பேச்சுக் குழறுவது, காய்ச்சலோடு கழுத்து விறைப்பது. அந்தத் தாள் இன்னும் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறது.

முதலில் ஒதுக்கியது கீழ்த்தளத்துப் பின்பக்க அறை. பகல் பதினொரு மணிக்குப் போய்ப் பார்த்தேன். நல்ல இருட்டு, அமைதி, சாவியை வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தேன். வாட்ச்மேன் ஐயாதான், "பகல்ல பாத்து ஒத்துக்காதீங்கம்மா, காலையில அஞ்சு மணிக்கு வந்து பாருங்க" என்றார். மறுநாள் போனேன். சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் மோட்டார். போட்டவுடன் கட்டிலே அதிர்ந்தது. ஐந்தரைக்கு மெஸ்ஸில் தாளிக்கும் வாசனை வேறு ஜன்னல் வழியாக நேராக வந்தது. வலி நேரத்தில் எண்ணெய் வாசனை எனக்கு எமன். ஐயா சொல்லியிருக்காவிட்டால் "கேட்டதைக் கொடுத்தும் குறை சொல்கிறாள்" என்ற பெயர்தான் மிஞ்சியிருக்கும். இரண்டாம் மாடிக் கோடி அறையைச் சொன்னதும் அவர்தான். பழைய கட்டில்கள் போட்டுவைத்திருந்த இடம். மேற்கு வெயிலுக்கு அப்பா ஒரு கெட்டித் திரை வாங்கித் தந்தார்.

மெஸ் அக்காவை மறப்பேனா? டாக்டர் சொன்ன அந்த "மூணு" அவர் கணக்கில்தான் தீர்ந்தது. நான் எட்டு மணிக்குள் வராவிட்டால் இரண்டு இட்லியை மூடிவைத்துவிட்டு, ஒன்பதரைக்கு யார் கையிலாவது கொடுத்தனுப்புகிறார். சாம்பார் இல்லாமல், சர்க்கரை வைத்து.

இந்த செமஸ்டரின் கடைசி எட்டு வாரத்தில் ஐந்து தடவை வந்தது. மாத்திரையால் குறைந்ததா, தூக்கத்தாலா, இட்லியாலா, அறையாலா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. டாக்டரும் சொல்லவில்லை. வகுப்பு விட்டுப்போனது ஒரே ஒரு நாள்.

மறுபரிசீலனை வரும் திங்கட்கிழமை. டைரியும் புதுச் சான்றிதழும் தயாராக இருக்கின்றன. அறையைத் திரும்பக் கேட்டால் சாவியைக் கொடுத்துவிடுவேன், மேடம். என் இரண்டாவது கடிதத்தின் நகலைப் பெயரை அடித்துவிட்டு அலுவலக அண்ணனிடம் கொடுத்திருக்கிறேன். முதல் வருஷத்துத் தங்கை ஒருத்தி நேற்று வந்து, "அக்கா, எனக்கும் ஒரு பக்கம்தான் வலிக்குது" என்றாள். அவளுக்கு டைரியில் கோடு போட்டுக் கொடுத்தேன். சிஸ்டர், பேனாவை நூலில் கட்டவும் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
இரண்டாம் மாடிக் கோடி அறைக்காரி